பயிற்சி முடிந்தது... க்யூ திறக்கவில்லையா? மேனேஜருக்கு ஒரு சின்ன மெயில்!

சென்னை, கோவை, திருச்சி என்று நம் ஊர்களில் இரவு ஷிஃப்டில் இயங்கும் மெடிக்கல் பில்லிங் அலுவலகங்கள் ஏராளம். அமெரிக்க மருத்துவமனைகள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடமிருந்து வசூலிக்க வேண்டிய பணத்துக்கான வேலை, அங்கே பகலாக இருக்கும்போது இங்கே நடக்கிறது. இந்த அலுவலகங்களில் புதிதாக ஒரு பொறுப்புக்கு மாறும் பலருக்கும் ஒரு குழப்பம் வரும். ‘பயிற்சி முடிச்சாச்சு, தேர்விலும் பாஸ், சான்றிதழும் வந்தாச்சு. ஆனா, நான் வேலை செய்ய வேண்டிய க்யூ மட்டும் ஸ்க்ரீன்ல வரவே இல்லையே?’

பயிற்சி முடிந்தால் க்யூ தானாகத் திறந்துவிடும் என்று நினைப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். பெரும்பாலான அலுவலகங்களில் அப்படித் திறக்காது. மேனேஜரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதற்கு எழுதும் மெயில் ஐந்தாறு வரிதான். அந்த வரிகளில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து அனுமதி மறுநாளே வரலாம். இரண்டு வாரம் இழுக்கவும் செய்யலாம்.

பூட்டு எதற்கு?

பில்லிங் அலுவலகத்தில் க்யூ என்பது வேலை வரிசை. இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்த பில்கள் ஒரு வரிசையில் நிற்கும். ஊழியர் ஒவ்வொன்றாக எடுத்து, மறுத்த காரணத்தைப் பார்த்து, திருத்தி அனுப்புவார் அல்லது மேல்முறையீடு செய்வார். சாதாரண க்யூக்கள் டீமில் உள்ள எல்லோருக்கும் தெரியும். சில க்யூக்கள் மட்டும் குறிப்பிட்ட சிலருக்குத்தான் தெரியும். மற்றவர்களின் திரையில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெறுபவர்களின் பில்கள் அப்படிப்பட்டவை. அமெரிக்காவில் மருத்துவத் தகவல்களைப் பாதுகாக்க 1996-ல் வந்த ‘ஹிப்பா’ சட்டம் இருக்கிறது. ஒருவருக்கு அவருடைய வேலைக்கு எவ்வளவு தகவல் தேவையோ அவ்வளவுதான் காட்ட வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. குடியிலிருந்தோ போதை மருந்திலிருந்தோ மீளச் சிகிச்சை எடுப்பவர்களின் ஆவணங்களுக்கு, அதற்கும் மேலாகத் தனியாக ஒரு விதித் தொகுப்பும் உண்டு. ‘பார்ட் 2’ என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். சிகிச்சைக்குப் போன விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போகும், வழக்கு வரும், குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்று பயந்து பலர் மருத்துவமனைப் பக்கமே வராமல் இருந்துவிடுவார்கள். அந்தப் பயத்தைப் போக்கத்தான் 1970-களில் இந்த விதிகள் வந்தன. 2024-ல் இவற்றில் பெரிய திருத்தங்கள் செய்யப்பட்டன.

வேடிக்கை பார்க்க நினைத்து ஆவணங்களைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. மருத்துவமனைக் குழுமத்தில், வேலைக்குத் தேவையில்லாமல் ஊழியர்கள் பிரபலங்களின் மருத்துவ ஆவணங்களைப் பார்த்ததாகப் புகார் எழுந்தது. 2011-ல் அந்தக் குழுமம் 8,65,500 டாலர் கட்டி விஷயத்தை முடித்துக்கொண்டது. அதனால் இங்கே ஒரு க்யூவைத் திறந்துவிடும் மேனேஜர், ‘இவருக்கு ஏன் திறந்தேன்?’ என்ற கேள்விக்கு எப்போது வேண்டுமானாலும் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டு வேறு கேள்விகள்

‘பயிற்சிதான் முடித்துவிட்டாரே, அது போதாதா?’ என்று கேட்கலாம். போதாது. ‘இவருக்கு விதிமுறை தெரியுமா?’ என்ற கேள்விக்குத்தான் பயிற்சி பதில் சொல்கிறது. ‘இவருடைய இப்போதைய வேலைக்கு இந்த க்யூ தேவையா?’ என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் மேனேஜர். ஒரே பயிற்சியை ஐம்பது பேர் முடித்திருக்கலாம். அந்த க்யூவில் வேலை செய்யப்போவது நான்கு பேராக இருக்கலாம்.

நடைமுறையில் இன்னொன்றும் இருக்கிறது. பயிற்சி நடக்கும் மென்பொருள் வேறு, க்யூ இருக்கும் மென்பொருள் வேறு. முன்னதில் ‘Completed’ என்று வந்தது பின்னதற்குத் தெரியாது. நடுவில் ஒரு மனிதர் சொன்னால்தான் தெரியும்.

அந்த மனிதரும் நேராகப் போய்ப் பூட்டைத் திறப்பதில்லை. மேனேஜர் வழக்கமாக ஐ.டி. பிரிவுக்கு ஒரு படிவம் நிரப்பி அனுப்புவார். ஊழியர் எண், க்யூவின் சரியான பெயர், எந்த அளவு அனுமதி, பயிற்சி முடித்த தேதி, வேலைக் காரணம், எதுவரை வேண்டும் ஆகியவை அதில் கேட்கப்படும். சில அலுவலகங்களில் அமெரிக்க வாடிக்கையாளர் தரப்பிலிருந்தும் ஒருவர் சரி சொல்ல வேண்டும். ஆகவே, நல்ல மெயில் என்பது அந்தப் படிவத்தின் கட்டங்களுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடும் மெயில். மேனேஜர் அதிலிருந்து எடுத்து ஒட்டி, இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட முடியும்.

மெயில் அனுப்புவதற்கு முன்...

மெயில் எழுதும் முன் பயிற்சிப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது. ‘முடித்துவிட்டேன்’ என்று நினைத்தவர்களில் சிலருக்கு அங்கே ‘In Progress’ என்றுதான் காட்டும். வீடியோ முழுவதும் ஓடியிருக்கும், தேர்வும் எழுதியிருப்பார்கள். கடைசிப் பக்கத்தில், ‘இந்த விதிகளைப் படித்தேன், கடைப்பிடிப்பேன்’ என்ற உறுதிமொழிக்கு எதிரே டிக் செய்யாமல் மூடியிருப்பார்கள். சாதாரணமாக நடக்கும் தவறு இது. சில இடங்களில் பயிற்சிப் பதிவு இரவில் ஒருமுறைதான் மற்றப் பதிவேடுகளோடு சேரும். அங்கே இன்று முடித்தது நாளைதான் தெரியும்.

சான்றிதழில் உள்ள பெயரும் ஊழியர் எண்ணும் அலுவலகப் பதிவோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். நம் ஊர் இனிஷியல் பெயர்களில் இது அடிக்கடி சிக்கும். ஓரிடத்தில் அப்பா பெயர் விரிவாக இருக்கும். இன்னோரிடத்தில் ஒற்றை எழுத்தாக இருக்கும். பெயர் ஒத்துப்போகாவிட்டால் ஐ.டி. பிரிவு படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஊழியர் எண்ணைத் தெளிவாகக் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

ஓர் உதாரணம்

ஏ.ஆர். காலராக எட்டு மாதம் வேலை பார்த்த ஓர் இளம்பெண் என்று வைத்துக்கொள்வோம். அவரை போதைச் சிகிச்சை பில்களைக் கவனிக்கும் டீமுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஜூன் 18 அன்று பயிற்சிகளை முடித்துவிட்டார். அவருக்காக 35 பில்களை ஒதுக்கி வைத்திருப்பதாக டீம் லீட் சொல்கிறார். உடனே மேனேஜருக்கு மெயில் அனுப்புகிறார்:

“வணக்கம் மேடம், டிரெய்னிங் முடித்துவிட்டேன். தயவுசெய்து ஆக்சஸ் கொடுங்கள். நன்றி.”

மரியாதையில் குறை சொல்ல முடியாது. ஆனால், மேனேஜரின் கீழே நான்கு டீம்கள், பத்துப் பன்னிரண்டு க்யூக்கள். எந்தப் பயிற்சி? எந்த க்யூ? பார்க்க மட்டுமா, வேலை செய்யவா? மூன்றையும் கேட்டு மேனேஜர் மறுநாள் பதில் போடுகிறார். இவர் க்யூ பெயரை மட்டும் சொல்கிறார். சான்றிதழ் எங்கே என்று அடுத்த கேள்வி வருகிறது. நடுவில் சனி, ஞாயிறு போய்விடுகிறது. நான்கு மெயில்கள், ஆறு நாள்கள் ஆகிவிட்டன. படிவம் இன்னும் கிளம்பவில்லை.

ஆறு நாள் அத்தனை பெரிய விஷயமா? அந்த 35 பில்களில் ஒன்றைப் பார்ப்போம். முதியவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸான ‘மெடிகேர்’ பணம் தர மறுத்த பில் அது. மறுப்புக் கடிதத்தின் தேதி மார்ச் 3. கடிதம் கைக்கு வர 5 நாள் என்று மெடிகேர் கணக்கு வைத்துக்கொள்ளும். ஆக, மார்ச் 8. அன்றிலிருந்து 120 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு போக வேண்டும். எண்ணிப் பார்த்தால் ஜூலை 6 வருகிறது. அதற்கு இரண்டு நாள் முன்னால், ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தின விடுமுறை. அன்று எந்த அலுவலகத்துக்கும் போன் போட்டுப் பயனில்லை. கெடு தாண்டினால், தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்ட முடிந்தால்தான் மேல்முறையீட்டை ஏற்பார்கள். ‘எங்கள் ஊழியருக்கு க்யூ திறக்கவில்லை’ என்பதை அப்படி ஒரு காரணமாகச் சொல்லிவிட முடியாது. மருத்துவமனை செய்த சிகிச்சைக்கான பணம் அதோடு போய்விடலாம்.

இதே விஷயத்தை ஜூன் 18 அன்றே அவர் இப்படி எழுதியிருக்கலாம். அலுவலகத்தில் ஆங்கிலத்தில்தான் போகும் என்றாலும், சொல்ல வேண்டியதும் வரிசையும் இதுதான்:

> பொருள்: `SUD-DENIALS-R` க்யூவுக்கு அனுமதி வேண்டி – பயிற்சி முடிந்தது
>
> வணக்கம் மேடம்,
>
> `SUD-DENIALS-R` க்யூவில் வேலை செய்ய எனக்கு அனுமதி தேவை (`Work` நிலை, `Export` வேண்டாம்). என் ஊழியர் எண் 20417.
>
> இதற்குத் தேவையான ஹிப்பா, பார்ட் 2 பயிற்சிகள் இரண்டையும் இன்று, ஜூன் 18, முடித்துவிட்டேன். சான்றிதழ்களை இணைத்திருக்கிறேன்.
>
> இந்த க்யூவில் 35 பில்களை டீம் லீட் எனக்கு ஒதுக்கியிருக்கிறார். அவற்றில் ஒன்றுக்கு மேல்முறையீட்டுக் கெடு ஜூலை 6. ஜூன் 23-க்குள் அனுமதி கிடைத்தால் நேரத்துக்குள் முடித்துவிடுவேன்.
>
> இந்த டீமில் இருக்கும்வரை மட்டும் அனுமதி போதும். வேறு விவரம் ஏதும் தேவையென்றால் சொல்லுங்கள்; உடனே அனுப்புகிறேன்.
>
> நன்றி.

கேட்பது என்ன என்பது பொருள் வரியிலேயே வந்துவிட்டது. போனில் நோட்டிஃபிகேஷனைப் பார்க்கும்போதே மேனேஜருக்குப் புரிந்துவிடும். க்யூவின் பெயர், திரையில் எப்படி வருமோ அப்படியே எழுத்து மாறாமல் இருக்கிறது. பல அலுவலகங்களில் ஒரே பெயரில் சாதாரண க்யூவும் பூட்டிய க்யூவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வித்தியாசம் கடைசி ஓர் எழுத்தில்தான். தனக்கு அந்தப் பெயர் திரையில் தெரியாது என்பதால், டீம் லீடிடம் கேட்டு அவர் அனுப்பியதை அப்படியே ஒட்டுவதுதான் பாதுகாப்பு.

அனுமதியின் அளவையும் அவரே சொல்லிவிட்டார். பார்ப்பது, எடுத்து வேலை செய்வது, மொத்தப் பட்டியலையும் கோப்பாக இறக்கிக்கொள்வது என்று நிலைகள் தனித்தனி. தேவையில்லாததை ‘வேண்டாம்’ என்று எழுதுவது, மேனேஜருக்கு வரும் தயக்கத்தில் பாதியைக் குறைத்துவிடும். அவசரம் என்ற சொல் மெயிலில் எங்கும் இல்லை. ஜூலை 6 என்ற தேதியே அதைச் சொல்லிவிடுகிறது.

எழுதக் கூடாதவை

‘பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு என்ன ஆக்சஸ் இருக்கிறதோ அதையே எனக்கும் கொடுங்கள்’ என்று கேட்பது பலருக்குச் சுலபமாகத் தோன்றும். ஆனால், பக்கத்து சீட்காரர் ஐந்து வருடமாக மூன்று டீம்களில் இருந்தவராக இருக்கலாம். பழைய அனுமதிகள் எல்லாம் அவர் பெயரில் அப்படியே தங்கியிருக்கும். அவரைப் போலவே கேட்டால் அந்த மூட்டை முழுவதும் நம் தலையில் வந்து விழும். பின்னால் தணிக்கையில், ‘இவருக்கு இதெல்லாம் எதற்கு?’ என்ற கேள்வி நம் பெயரில்தான் வரும்.

மெயிலில் நோயாளியின் பெயர், பிறந்த தேதி, இன்ஷூரன்ஸ் எண் வரவே கூடாது. ‘இந்த பில்தான் மேடம் அவசரம்’ என்று டீம் லீடின் திரையைப் படம் பிடித்து இணைத்துவிட்டால், எந்தத் தகவலைப் பாதுகாக்கப் பயிற்சி எடுத்தோமோ அதையே வெளியில் விட்டதாகிவிடும். அந்த மெயில் நான்கு பேருக்கு ஃபார்வர்டு ஆகும் என்பதையும் மறக்கக் கூடாது. பில்லைக் குறிப்பிட்டே ஆக வேண்டுமென்றால் அலுவலகத்தின் உள் டிக்கெட் எண் போதும்.

மெயிலில் வராத, ஆனால் அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. அனுமதி வரும்வரை தோழியின் லாகினில் நுழைந்து வேலையைத் தொடங்கிவிடுவது. ‘ரெண்டு நாள்தானே, டார்கெட் போயிடுமே’ என்று உதவி செய்வதாக நினைத்துத் தோழியும் பாஸ்வேர்டைத் தந்துவிடுவார். ஹிப்பா விதிப்படி ஒவ்வொருவருக்கும் தனி அடையாளம் இருந்தாக வேண்டும். யார் எந்த ஆவணத்தை எத்தனை மணிக்குத் திறந்தார் என்று கணினி பதிந்துகொண்டே இருக்கும். தோழி லீவில் இருந்த இரவில் அவர் பெயரில் பில்கள் திறந்திருந்தால், கேள்வி இரண்டு பேரையும் தேடி வரும். அனுமதி இல்லாததால் குறைந்த டார்கெட்டை மேனேஜரிடம் பேசிச் சரிசெய்ய முடியும். பாஸ்வேர்டு பகிர்ந்ததை அப்படிச் சரிசெய்ய முடியாது.

பதில் வராவிட்டால்?

இரண்டு வேலை நாள் கழித்து, அதே மெயிலுக்கு ‘ரிப்ளை’ போட்டு ஒரே வரியில் நினைவூட்டலாம். “மேடம், கீழே உள்ள கோரிக்கையை ஐ.டி. பிரிவுக்கு அனுப்பிவிட்டீர்களா? டிக்கெட் எண் இருந்தால் நானே தொடர்ந்து பார்த்துக்கொள்கிறேன்.” புதிய மெயிலாக அனுப்பினால் சான்றிதழும் தேதியும் பழைய மெயிலிலேயே தங்கிவிடும். மேனேஜரைத் தாண்டி நேராக ஐ.டி. பிரிவுக்கு எழுதிப் பயனில்லை. க்யூவுக்குப் பொறுப்பானவர் ஒப்புதல் தராமல் அவர்கள் திறக்க மாட்டார்கள்.

‘இப்போதைக்கு வேண்டாம்’ என்று பதில் வந்தால், அது திறமையைப் பற்றிய தீர்ப்பு என்று மனம் சோர வேண்டியதில்லை. அந்த க்யூவில் எத்தனை பேர் இருக்கலாம் என்று வாடிக்கையாளர் வரம்பு வைத்திருக்கலாம். “எப்போது மீண்டும் கேட்கலாம்? அதுவரை எனக்கு ஒதுக்கிய பில்களை யார் பார்ப்பார்?” என்று கேட்டுவிட வேண்டும். இரண்டாவது கேள்வி முக்கியம். ஜூலை 6 கெடு யாருக்காகவும் காத்திருக்காது. அந்த பில் வேறு கைக்குப் போயாக வேண்டும்.

கதவு திறந்ததும்

‘அனுமதி வழங்கப்பட்டது’ என்று மெயில் வந்ததும் ஒருமுறை முழுவதுமாக வெளியேறி, மீண்டும் உள்ளே வர வேண்டும். திறந்தே இருந்த திரையில் புதிய அனுமதி பல நேரம் தெரியாது. பிறகு, தனக்கு ஒதுக்கிய பில் ஒன்றை மட்டும் திறந்து பார்க்கலாம். க்யூவே தெரியாவிட்டால் தவறான குழுவில் சேர்த்திருக்கக்கூடும். க்யூ தெரிந்து, பில் திறந்து, ஆனால் தன் பெயருக்கு மாற்ற முடியாவிட்டால், வேலை செய்யும் நிலைக்குப் பதில் பார்க்கும் நிலை கிடைத்திருக்கிறது என்று பொருள். எது நடந்தது என்பதைத் தெளிவாகச் சொன்னால் ஐ.டி. பிரிவு உடனே திருத்திவிடும். ‘வொர்க் ஆகலை’ என்று மட்டும் சொன்னால் மறுபடியும் கேள்விகள்தான் வரும்.

கேட்டதைவிட அதிகமாகத் திறந்திருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். வேறு மருத்துவமனையின் க்யூவும் சேர்ந்து தெரிகிறது என்றால், அதைத் தொடாமல் மேனேஜருக்கு அன்றே இரண்டு வரி எழுதுவது நல்லது. திறந்து கிடக்கிறதே என்று உள்ளே போய்ப் பார்த்தால், அதுவும் பதிவாகும்.

அந்த முதல் மெயிலை அழித்துவிடக் கூடாது. ஹிப்பாவின் கீழ் விதிமுறை, பயிற்சி தொடர்பான ஆவணங்களை 6 வருடம் வைத்திருக்க வேண்டிய கடமை நிறுவனத்துக்கு இருக்கிறது. எந்தத் தேதியில், எந்தப் பயிற்சிக்குப் பிறகு, எந்தக் காரணத்துக்காக அனுமதி கேட்கப்பட்டது என்பதை ஓர் ஊழியர் தன் பக்கத்திலிருந்து காட்ட, அலுவலக மெயில் பெட்டியில் உள்ள அந்த ஐந்தாறு வரிகளே கைகொடுக்கும்.

ஒரு நாள் டீம் மாறும்போது இன்னொரு மெயில் எழுத வேண்டியிருக்கும். “நாளை முதல் வேறு டீமுக்குப் போகிறேன். `SUD-DENIALS-R` க்யூவுக்கான என் அனுமதியை இன்று ஷிஃப்ட் முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.” யாரும் கேட்காமல் ஊழியரே அனுப்பும் இந்த மெயில் அரிதாகத்தான் மேனேஜரின் பெட்டிக்கு வரும். இதை அனுப்பியவர் அடுத்த முறை ஒரு க்யூவுக்கு அனுமதி கேட்கும்போது, அவருக்கு எதற்கு என்று மேனேஜர் அதிகம் யோசிக்கப்போவதில்லை.